சாக்குக்குள் இருந்த உருளி

வானொலி நாடகப் பிரிவில் எனக்கு வரும் எழுத்துப் பிரதிகளில் பாதிக்கு மேல், காட்சி தொடங்கும் இடத்தில் ஒரே மாதிரி ஒரு வரி இருக்கும்: "ஒலி: பேருந்து நிலையச் சத்தம்". ஒலிப்பதிவு செய்பவருக்கு இந்த வரியால் ஒரு பயனும் இல்லை. சாயங்கால நேரத்துக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டும், பள்ளத்தூர்ப் பக்கம் எப்போதாவது ஒரு டவுன் பஸ் வந்து நிற்கிற கிராமத்து ஸ்டாண்டும் ஒன்றா? கிராமத்தில் பெரும்பாலான நேரம் கேட்பது டீ ஆற்றும் சத்தம், காக்கை, எங்கோ ஒரு மயில், அவ்வளவுதான். பஸ் என்பது அங்கே எப்போதும் இருக்கிற இரைச்சல் அல்ல, வந்து போகிற ஒரு நிகழ்ச்சி.

ஒலிக்குறிப்பில் நான் நான்கு விஷயம் கேட்பேன். என்ன சத்தம், எவ்வளவு தள்ளி, எந்தச் சொல்லில் தொடங்குகிறது, எப்போது ஓய்கிறது. இதெல்லாம் இருந்தால்கூட, அந்தச் சத்தம் கதையில் ஏதாவது செய்கிறதா என்ற கேள்வி பாக்கி இருக்கும். அண்மையில் நாங்கள் பதிவு செய்த ஒரு காட்சியில் சத்தம்தான் கதையையே சொன்னது. செட்டிநாட்டுக் கிராமம், பகல் நேரம், ஒரு ஆச்சி, ஒரு டீக்கடைக்காரர், கடைசியில் ஒரு கண்டக்டர். காட்சி இதுதான்:

(ஒலி 1: டீ ஆற்றுதல், அருகில். காக்கை, தொலைவில். காட்சி முழுவதும் மெலிதாகத் தொடரும்.)

டீக்கடைக்காரர்: என்னா ஆச்சி, இந்த வெயில்ல எங்க போறிய?

ஆச்சி: (தள்ளி இருந்து நெருங்கி வந்தபடி) காரைக்குடிக்குத்தான்பா. பஸ்ஸு போயிருச்சா?

டீக்கடைக்காரர்: இன்னும் வரல. சாக்கை இப்படி பெஞ்சுல வையிங்க. கனமா இருக்கும் போலயே, என்னா அதுல?

(ஒலி 2: "அதுல" என்றதும் ஒலி 1 முழுதும் நிற்கும்.)

ஆச்சி: பழைய துணி.

(ஒலி 3: சாக்கு சிமெண்டுப் பெஞ்சில் இறங்குகிறது. உள்ளே வெண்கலம், ஒரே ஒரு முறை. அதிர்வு தானாகத் தேய்ந்து மறையும் வரை யாரும் பேசக்கூடாது.)

டீக்கடைக்காரர்: (மெதுவாக) ... ஒரு டீ போடவா ஆச்சி?

(ஒலி 4: ஒலி 1 மறுபடி, முன்னைவிடக் குறைவாக.)

ஆச்சி: வேணாம்பா. காரைக்குடியில அந்தப் பழைய சாமான் கடைத் தெரு, ஸ்டாண்டுல இருந்து நடக்குற தூரந்தானே?

டீக்கடைக்காரர்: ஆட்டோவுல போங்க ஆச்சி. அதைத் தூக்கிக்கிட்டு எப்படி நடப்பிய?

(ஒலி 5: ஆட்டோ ஹாரன் அல்ல, பஸ் ஹாரன். தொலைவில். "நடப்பிய" மேல் தொடங்கும். ஜன்னல் ஷட்டர் அதிர்வோடு நெருங்கி, காற்றுப் பிரேக், நிற்கும். எஞ்சின் தாழும்.)

கண்டக்டர்: (தள்ளி) பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடி! ஏறுங்க ஆச்சி. சாக்குல என்னா? லக்கேஜ் போடணுமா?

(ஒலி 6: ஆச்சி சாக்கைத் தூக்குகிறார். வெண்கலம் மறுபடி, மெலிதாக.)

டீக்கடைக்காரர்: (உடனே) பழைய துணிதான்ணே. ஏத்திக்கிட்டுப் போங்க.

(ஒலி 7: விசில், இரண்டு முறை. பஸ் கிளம்பி விலகுதல்.)

எழுதியவர் முதலில் தந்த பிரதியில், ஒலி 3க்குப் பிறகு டீக்கடைக்காரர் "அட, உருளிச் சத்தமால்ல இருக்கு!" என்று சொல்வார். அதை எடுத்துவிட்டோம். காது ஏற்கெனவே பிடித்துவிட்ட ஒன்றை வாயும் சொன்னால், ஆச்சி சொன்ன பொய் அங்கேயே உடைந்துவிடும். கடைக்காரருக்குப் புரிந்தது, கேட்பவருக்கும் புரிந்தது, ஆனால் ஆச்சியின் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அப்படி இருந்தால்தான் கடைசியில் அதே பொய்யை அவர் ஆச்சிக்காகச் சொல்வதற்குக் கனம் வரும். இதுபோன்ற வரிகள் எழுத்தாளருக்குப் பயத்தில்தான் வருகின்றன: நேயருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை வசனத்தால் தீர்க்காமல் சத்தத்தைச் சரி செய்து தீர்க்க வேண்டும்.

சத்தத்தைச் சரி செய்வதில்தான் மெனக்கெட வேண்டியிருந்தது. நிஜமான வெண்கல உருளியைச் சாக்கில் போட்டு பெஞ்சில் வைத்தால் "தொப்" என்றுதான் கேட்கிறது. சணல் அதிர்வை அமுக்கிவிடும். அரிசி மூட்டையா, செங்கல்லா என்று சொல்ல முடியாது. ஸ்டுடியோவில் கிடைத்த எவர்சில்வர் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தோம். அது சமையலறை விளம்பரம் போல இருந்தது. விற்கப் போகிற பழம்பொருளின் சத்தம் அல்ல. பித்தளை பரவாயில்லை, ஆனால் ஒலி சீக்கிரம் அணைந்துவிடுகிறது. வெண்கலத்தில் தகரம் கலந்திருப்பதால் மணி போல நீண்டு ஒலிக்கும், கோயில் மணிக்கு அதை வார்ப்பதும் அதற்காகத்தான். அந்த நீளம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அப்புறம் ஒலிப்பதிவு அண்ணன் ஒரு வழி சொன்னார். சத்தத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஈரச் சாக்கில் மணலைக் கட்டி மரப்பலகையில் வைத்த கனமான சத்தம் ஒன்று. உருளியை அதன் கைப்பிடியில் பிடித்துத் தொங்கவிட்டு, உள்பக்கம் ஒரு வெண்கலக் கரண்டியால் லேசாகத் தொட்டது இன்னொன்று. இரண்டாவதை ஒரு கணம் பின்தள்ளி, குறைந்த அளவில் சேர்த்ததும், உருளிக்குள் கரண்டியையும் போட்டுக் கட்டியிருக்கிறார் ஆச்சி என்று கேட்டது. கதைக்கும் அது நல்லதாகப் போயிற்று. உருளியை மட்டும் விற்கவில்லை, அடுப்படியையே கொண்டு போகிறார்.

சேர்த்த பிறகும் ஸ்டுடியோவின் பெரிய ஸ்பீக்கரை நான் நம்புவதில்லை. கைப்பேசியிலும், ஒரு சின்ன டிரான்சிஸ்டரிலும் போட்டுக் கேட்பேன். நேயர்கள் கேட்பது அப்படித்தானே. சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த சுருதிச் சத்தம் காணாமல் போகும். மணல் சாக்கின் "தொப்" பாதி மறைந்தது, வெண்கலம் தப்பித்தது. ஆனால் பஸ் எஞ்சின் மாவு மெஷின் ஓடுவது போல ஒரு மூட்டமான உறுமலாகிவிட்டது. டீசல் எஞ்சினை எவ்வளவு நல்ல மைக்கில் பதிவு செய்தாலும் இதுதான் கதி. பஸ்ஸை பஸ்ஸாகக் காட்டுவது அதன் உயர்ந்த சுருதிச் சத்தங்கள்: தளர்ந்த ஷட்டர்களின் கடகடப்பு, பிரேக்கிலிருந்து காற்று வெளியேறும் "புஸ்", கண்டக்டரின் விசில். ஒலி 5இல் ஷட்டரையும் பிரேக்கையும் தனியாகக் குறித்தது இதனால்தான்.

ஒலி 2 பற்றி இன்னும் எங்களுக்குள் தகராறு தீரவில்லை. பின்னணி திடீரென்று நின்றால் ஒலிபரப்பில் கோளாறு என்று நேயர் நினைப்பார் என்கிறார் அண்ணன். நியாயமான பேச்சுதான். ஆனால் காக்கையும் டீயும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் வெண்கலத்தின் வால் அதில் மூழ்கிவிடுகிறது. கடைசியில், டீ ஆற்றுவதையும் காக்கையையும் நிறுத்தி, வெறும் வெளிக்காற்றை மட்டும் மிக மெலிதாக விட்டோம். கடைக்காரர் கை நின்றுபோனதாகவும் அது கேட்கிறது.

பழைய சாமான் தெரு என்ற வரி எழுத்தாளரிடம் "முனீஸ்வரன் கோயில் தெரு" என்று இருந்தது. காரைக்குடிக்காரர்களுக்கு அந்தப் பெயரே போதும், அங்கே என்ன விற்கும் என்று தெரியும். ஒலிபரப்பு வேறு மாவட்டங்களுக்கும் போகிறது என்பதால் மாற்றினேன். எழுத்தாளருக்கு அதில் இன்றுவரை வருத்தம். பெயர் இருந்தால் ஊர் இருந்திருக்கும் என்கிறார்.