ரெஜிபோம் ஹோவர்கிராஃப்ட்: பாவாடை நிலத்தைத் தொடும் கோடுதான் கணக்கு

60 × 50 சென்ரிமீற்றர் ரெஜிபோம் பலகை, 12 வோல்ற் கம்பியூட்டர் ஃபான் (120 மில்லிமீற்றர்), மூன்று செல் லிப்போ பற்றரி. ஓட்டுவதற்கு முன்னால், இதை நிலத்திலிருந்து தூக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

ஃபானின் பெட்டியில் எழுதியிருக்கும் இலக்கத்தை நம்பாமல் அளந்து பார்ப்பது நல்லது. காற்றுப்புகாத பெட்டி ஒன்றின் வாயில் ஃபானைப் பொருத்தி, பெட்டியிலிருந்து ஒரு குழாயைத் தண்ணீர்ப் போத்தலின் மூடிக்குக் கொடுக்க வேண்டும். போத்தலின் அடியிலிருந்து வரும் மீன்தொட்டிக் குழாயை 10 இற்கு 1 சரிவில் ஒரு பலகையில் ஒட்டிவிட்டால், 1 மில்லிமீற்றர் நீர் உயரம் குழாயில் 10 மில்லிமீற்றராக நீளும். ஒரு துளி சவர்க்காரம் கலந்தால் தண்ணீர் குழாயில் ஒட்டி நிற்காது. எங்கள் ஃபான் 12 வோல்ற்றில் 35 மில்லிமீற்றர் தள்ளியது. அதாவது 3.5 மில்லிமீற்றர் நீர், ஏறக்குறைய 34 பஸ்கால். காற்று வெளியே போக வழியே இல்லாத நிலையில் கிடைத்த உச்சம் இது. காற்று ஓட வேண்டுமானால் இதில் மூன்றில் இரண்டுக்கு மேல் கேட்கக்கூடாது.

முழு நிறை 440 கிராம், நிலத்தை அமுக்கும் விசை 4.3 நியூற்றன். இதைப் பலகையின் முழுப் பரப்பு 0.30 சதுர மீற்றரால் வகுத்தால் 14 பஸ்கால் வரும். வேலை சுகம்போலத் தெரியும். ஆனால் வகுக்க வேண்டியது, பாவாடை, அதாவது பலகையின் கீழே காற்றைப் பிடித்து வைக்கும் பொலித்தீன் பை, நிலத்தைத் தொடும் கோட்டுக்கு உள்ளே இருக்கும் பரப்பால். பாவாடையைத் தெரிவுசெய்யும்போதே அமுக்கமும் முடிவாகிவிடுகிறது.

பலரும் செய்வது, அடிப்பக்கம் முழுவதும் பொலித்தீன் போர்த்தி நடுவில் ஒரு தட்டால் பிடித்துவிடுவது. காற்று நிரம்பும்போது பை வடைபோல உப்பும். அது நிலத்தைத் தொடுவது ஓரத்துக்கும் நடுத்தட்டுக்கும் இடைநடுவில். 20 × 15 தட்டு வைத்தால் அந்தக் கோடு 40 × 32.5, பரப்பு 0.13 மட்டுமே. தேவைப்படும் அமுக்கம் 33 பஸ்கால். நம் ஃபான் அங்கேயே மூச்சடைத்து நிற்கும். இலை ஊதும் இயந்திரத்துக்குப் பொருந்தும் வடிவம் இது, கம்பியூட்டர் ஃபானுக்கு இல்லை.

ஆகவே ஓரத்தோடு மட்டும் ஓடும் ஒடுக்கமான பை. மேற்பலகைக்குக் கீழே 3 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, 48 × 38 அளவில் மெல்லிய இரண்டாம் பலகை. இடையில் ரெஜிபோம் துண்டுகள் தாங்கும். 12 சென்ரிமீற்றர் துளையிலிருந்து வரும் காற்று பக்கமாகத் திரும்ப, துளை விட்டத்தின் கால்வாசி இடைவெளியாவது வேண்டும். 3 சென்ரிமீற்றர் அதிலிருந்து வந்தது. 16 சென்ரிமீற்றர் அகலப் பொலித்தீன் பட்டியின் ஒரு விளிம்பு மேற்பலகையின் ஓரத்தில், மற்றது கீழ்ப்பலகையின் ஓரத்தில், ஒவ்வொன்றும் 2 சென்ரிமீற்றர் டேப்புக்குள். மீதி 12 ஏறக்குறைய அரைவட்டமாக உப்பி, ஓரத்திலிருந்து சுமார் 3 சென்ரிமீற்றர் உள்ளே நிலத்தைத் தொடும். கோடு இப்போது 54 × 44, அமுக்கம் 18 பஸ்கால். பையிலிருந்து நடுவுக்குக் காற்று ஓட, பைக்குள் 22 இருக்க வேண்டும். ஃபானுக்கு இது தாங்கும்.

பையின் உட்பக்கத்தில், தொடுகோட்டுக்குச் சற்று மேலே, 2 சென்ரிமீற்றர் விட்டத்தில் 14 துளைகள். பாவாடைக்கும் நிலத்துக்கும் இடையிலான 1 மில்லிமீற்றர் இடைவெளியால் செக்கனுக்கு 6.5 லீற்றர் காற்று கசியும். அந்தக் காற்று 4 பஸ்கால் இழப்போடு கடக்க 42 சதுர சென்ரிமீற்றர் துளை போதும். துளை கூடினால் பை தொளதொளத்து, பலகை முழுவதும் 'டுர்ர்' என்று அதிரும். இரண்டு மூன்று துளைகளை டேப்பால் மூடினால் அடங்கிவிடும். குறைந்தால் பை முரசுபோல விறைக்கும், நடுவில் காற்றில்லாமல் கப்பல் நிலத்தில் தேயும். மூலைகளை வட்டமாக வெட்டாமல் விட்டால் பொலித்தீன் மடிந்து, அந்த மடிப்புகளாலேயே பாதிக் காற்று ஓடிவிடும்.

பொலித்தீனுக்குச் சொப்பிங் பை தாராளம். தடித்த தாள் நிலத்தோடு வளைந்து கொடுக்காது. ரெஜிபோமில் ரப்பர் சொலூசன் பூசவே வேண்டாம், கரைத்துக் குழி போட்டுவிடும். பைண்டர் கம் போதும், ஒரு இரவு காய வேண்டும்.

1 மில்லிமீற்றர் இடைவெளி என்பதால் நிலமும் கணக்கில் சேரும். பழைய வீடுகளின் மினுக்கிய சிவப்புச் சீமெந்து நிலத்தில் விரலால் தட்டினாலே வழுக்கிப் போகிறது. டைல்ஸ் பொருத்துகளில் ஒவ்வொரு கோட்டிலும் தடக்குகிறது. சோளகக் காற்று வீசும் நேரத்தில் விறாந்தையில் வைத்தால் எது ஃபானின் வேலை, எது காற்றின் வேலை என்று பிரித்தறிய முடியாது. கதவைச் சாத்திய கூடமே சரி.

பற்றரியையும் பார்க்க வேண்டும். ஃபானின் அமுக்கம் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு மாறும். 12 வோல்ற்றில் 34 பஸ்கால் தந்த ஃபான் 10.5 வோல்ற்றில் 26 அளவுதான் தரும். நன்றாக மிதந்தது திடீரென ஒரு பக்கம் தேயத் தொடங்கினால், பாவாடையைப் பிரிக்கும் முன் வோல்ற்மீற்றரை வைத்துப் பாருங்கள்.