கால் கிலோ சீனி

ஜூன் 2, 2024, ஞாயிறு

20-ஆம் தேதி வியாழக்கிழமை ஆபரேஷன் என்று குறித்துவிட்டார்கள். அடிவயிற்றில் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே வந்து எட்டிப் பார்க்கும். குடலிறக்கம். ஆபரேஷன் முடிந்த பிறகும் ஒன்றரை மாதம் கனம் தூக்கக் கூடாதாம். "அஞ்சு கிலோ வரைக்கும் பரவாயில்ல" என்றார் டாக்டர், பெரிய சலுகை கொடுப்பவர் போல. சீனி மூட்டை ஐம்பது கிலோ. அரிசிச் சிப்பம் இருபத்தைந்து.

ஆள் வைக்க வேண்டும். கடை திறந்த இருபத்திரண்டு வருடத்தில் முதல் ஆள்.

ஜூன் 3, திங்கள்

அட்டையில் எழுதி வாசலில் கட்டிவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது படித்துப் பார்த்தால் யாருடைய கடையோ போல இருந்தது.

ஜூன் 4, செவ்வாய்

ஓட்டு எண்ணிக்கை. தெருவே டிவி முன்னால். ராத்திரி வரைக்கும் கல்லாவில் 2,100.

ஜூன் 6, வியாழன்

முதலில் வந்தவன் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு வருடம் இருந்த பையன். நல்ல சட்டை, நல்ல பேச்சு. என்ன கேட்பதென்று எனக்குத்தான் தெரியவில்லை. ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டு முடித்ததும் பேச்சு தீர்ந்துவிட்டது. சரி என்று, "தம்பி, கால் கிலோ சீனி போடு" என்றேன்.

என் தராசு முப்பது கிலோ வரை நிறுப்பது. எண் ஐந்து ஐந்து கிராமாகத்தான் நகரும். 245, அடுத்து 250, அதற்கடுத்து 255. நடுவில் எதையும் காட்டாது. 248 கிராம் கிடந்தாலும் 250 என்றுதான் சொல்லும், 252 கிடந்தாலும் அதே 250தான். பையன் கை வேகம். அள்ளிப் போட்டான், 260 வந்தது. கரண்டி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்தான். 255. 250. அதோடு விடவில்லை. இன்னும் ஒரு துளி எடுத்தான், எண் 245-க்கும் 250-க்கும் நடுவில் துடித்தது. ஒரு சிட்டிகையைத் திரும்பப் போட்டு 250-இல் நிற்க வைத்தான். தேர்ந்த கைதான், குறை சொல்ல முடியாது.

"அண்ணாச்சி, நான் நேத்து வெளிய நின்னு பார்த்தேன். நீங்க 250-க்கும் 255-க்கும் நடுவுல துடிக்கிற வரைக்கும் போடுறீங்க. ஒரு பொட்டலத்துக்கு அஞ்சு கிராம் போகுது."

போனில் கணக்குப் போட்டும் காட்டினான். ஐம்பது கிலோ மூட்டை முழுக்கக் கால் கிலோவாகப் போனால் 200 பொட்டலம். 200 தடவை ஐந்து கிராம் என்றால் ஒரு கிலோ. நான் 42.50-க்கு எடுத்து 45-க்கு விற்கிறேன், மூட்டைக்கு நிற்பது 125 ரூபாய். அதில் அந்த ஒரு கிலோ 45 ரூபாயைத் தின்கிறது. வண்டிக்கூலி 20, காகிதமும் நூலும் 15. மிச்சம் 45.

"சீனியில நீங்க சம்பாதிக்கிறதும் சும்மா கொடுக்கறதும் சமம் அண்ணாச்சி."

கணக்கில் தப்பே இல்லை. தப்பு இருக்கிறதா என்று ராத்திரி பத்து மணிக்கு மறுபடியும் போட்டுப் பார்த்தேன். போன் செய்து வரச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. ஏன் என்று என்னையே கேட்டால், அவன் திரும்ப எடுத்த அந்தக் கரண்டி நுனிதான் கண்ணில் நிற்கிறது.

ஜூன் 7, வெள்ளி

இருமல். வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு வியாபாரம் செய்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

1984-இல் திசையன்விளைப் பக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு வந்து இறங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. முதலாளி கேட்ட ஒரே கேள்வி: பாதி செய்தித்தாளைக் கையில் கொடுத்து, "மடிச்சுக் காட்டுல." கூம்பு போலச் சுருட்டி, அடியைத் திருகி, வாயை மடித்துச் செருகினேன். வந்த நாளிலேயே சேர்த்துக்கொண்டார். ஆனால் ஒரு வருடம் தராசைத் தொட விடவில்லை. பொட்டலம் மட்டும்தான். காலை ஆறு மணிக்கு நின்றால் ராத்திரி பத்து வரைக்கும் நிற்க வேண்டும். உட்கார ஒன்றும் கிடையாது, கேட்கத் தோன்றியதும் இல்லை.

அப்போதெல்லாம் கைத்தராசு, இரும்புப் படிக்கல். முதல் தடவை நிறுக்க விட்டபோது முள் நட்ட நடுவில் நிற்கும்படி நிறுத்துக் காட்டினேன், பெருமையாக. முதலாளி ஒரு பிடி பருப்பை எடுத்துத் தட்டில் போட்டார். "சாமான் தட்டு தாழணும்ல. நேரா நின்னா நாம ஜெயிச்ச மாதிரி இருக்கும்."

இப்போது தாழ்வதற்குத் தட்டே இல்லை, எண்தான் இருக்கிறது. கைக்கு அது தெரியாது போல.

இதே முதலாளிதான் உடைந்த பாட்டிலுக்கெல்லாம் சம்பளத்தில் பிடித்தார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

அத்தான் அனுப்பிய ஊர்ப் பையன் காலையிலேயே வந்துவிட்டான். முன்பெல்லாம் ஊரிலிருந்து பையன்கள் கிடைப்பார்கள். இப்போது படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள், நல்லதுதான். இவன் பன்னிரண்டாவது முடித்தவன், மூட்டையைப் பூப்போலத் தூக்கினான். தூக்குவதைப் பார்த்தபோதே பாதி முடிவு செய்துவிட்டேன்.

பதினோரு மணிக்குக் கூட்டம். பள்ளிக்கூடம் நேற்றுத்தான் திறந்தது, எல்லார் கையிலும் பென்சில் பேனாப் பட்டியல். பச்சைக் கேட்டு வீட்டு அம்மா எண்ணெய் கேட்டு, "நோட்டுல எழுதிக்கங்க" என்று மெதுவாகச் சொன்னார். நான் உள்ளே புளி எடுத்துக்கொண்டிருந்தேன். பையன் நோட்டைப் புரட்டி, எனக்குக் கேட்க வேண்டுமே என்று கத்தினான்: "அண்ணாச்சி, இவங்க பேர்ல ரெண்டாயிரத்து முன்னூத்தி நாப்பது நிக்கு, இன்னும் எழுதவா?"

ஆறு பேர் நின்றார்கள். அந்த அம்மா எண்ணெய்ப் பாக்கெட்டைப் பலகை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவன் செய்தது தப்பா? பாக்கி உண்மை, தொகை உண்மை, கேட்டதும் முறையே. எனக்குத்தான் கை நடுங்கியது. பஸ் செலவுக்கு 600 கொடுத்து அனுப்பிவைத்தேன். அத்தான் போனில் அரை மணி நேரம். "அப்ப உனக்கு எப்படிப்பட்ட ஆள்தான் வேணும்?" சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 12, புதன்

பச்சைக் கேட்டு வீட்டுக்கு எண்ணெயை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவைத் திறந்தது பேத்தி.

ஜூன் 14, வெள்ளி

இன்னும் ஆறு நாள். இன்று வந்தது நான் எதிர்பார்க்காத ஆள். பின் தெரு அக்கா, நம் கடையில் எட்டு வருடமாகச் சாமான் வாங்குகிறவர். ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார், இடுப்பு வலி என்று விட்டுவிட்டார். நோட்டில் 1,180 பாக்கி.

"உட்காரலாமா அண்ணாச்சி?" என்றார். அப்போதுதான் பார்த்தேன், கடையில் எனக்கு ஒரு ஸ்டூல் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை. "கடையில வேலை செய்யறவங்களுக்கு உட்கார இடம் கொடுக்கணும்னு 2021-ல சட்டமே போட்டாச்சு. எங்க ஜவுளிக்கடையில சேர் வாங்கிப் போட்டாங்க. உட்கார்ந்தா சூப்பர்வைசர் முறைச்சுப் பார்ப்பாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டேன்.

கூட்டல் கணக்கில் மெதுவு. ஏழு சாமானுக்கு விரல் மடித்துக் கூட்டினார், சரியாக வந்தது, ஆனால் நேரம் ஆனது. பொட்டலம் மடிக்கத் தெரியவில்லை, அடி பிரிந்து கடுகு கொட்டியது. மூட்டை தூக்க முடியாது.

"கால் கிலோ சீனி போடுங்க" என்றேன், பழக்கத்தில்.

முதலில் கொஞ்சமாகப் போட்டார். 180. அப்புறம் கரண்டியைச் சாய்த்துத் தட்டித் தட்டி விட்டார். 220, 235, 245, 250. நிறுத்தவில்லை. எண் துடித்து 255-ஐத் தொட்டதும் கரண்டியை எடுத்துவிட்டார். ஒரு துளிகூடத் திரும்ப எடுக்கவில்லை.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? எதிர்ல நின்னு எத்தனை வருஷமா பார்க்கறேன். அதிகமா போட்டுட்டு எடுத்தா, நம்மகிட்ட இருந்து எடுக்கற மாதிரியே இருக்கும். அளவு சரியா இருந்தாலும் வயிறு எரியும். நீங்க எடுக்க மாட்டீங்க." கொஞ்சம் விட்டு, "எங்க வீட்டு டப்பாவுல நடுவுல ஒரு கோடு இருக்கு. உங்க கடைச் சர்க்கரை கோட்டுக்கு மேல நிக்கும். வேற கடையில வாங்கினா கோடு தெரியும்."

நாற்பது வருடமாக நான் நிறுக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு டப்பாவில் கோடு இருப்பது எனக்குத் தெரியாது.

ஜூன் 15, சனி

வீட்டில் சண்டை. "பாக்கி வச்சவங்களையே கல்லாவுல உட்கார வைக்கப் போறீங்களா?" நியாயமான கேள்வி. சூப்பர் மார்க்கெட் பையனை எடுத்திருந்தால் மூட்டைக்கு ஒரு கிலோ மிச்சம். மாதத்துக்கு எட்டு மூட்டை ஓடுகிறது, 360 ரூபாய். மூட்டை இறக்க ஆளுக்குத் தனிக்கூலி வேறு இனி. எல்லாம் தெரிந்துதான்.

நேர்மையான ஆள் வேண்டும் என்றுதான் இத்தனை நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று பேருமே நேர்மையானவர்கள்தான்.

ஜூன் 16, ஞாயிறு

அக்காவை வரச் சொன்னேன். சம்பளம் பேசினோம். ஞாயிறு முழு நாள் லீவு கேட்டார், கொடுத்தேன். "பாக்கியை மாசம் முன்னூறா கழிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அவர் கணக்கில் 1,110தான். எழுபது ரூபாய் குறைகிறது. எனக்குச் சுருக்கென்றது. நாள் நாளாக ஒப்பிட்டோம். மே 18-இல் அரை கிலோ உளுந்தை நான் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் வரை அவர்மேல் கோபமாக இருந்தது. யாருக்கெல்லாம் இரண்டு தடவை எழுதியிருப்பேன் என்ற யோசனை அதற்கு அப்புறம்தான் வந்தது. நோட்டில் நாற்பத்தோரு பேர் இருக்கிறார்கள்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். முந்திரி, நெய், கிஸ்மிஸ் எல்லாம் காலை ஒன்பதுக்கே காலி. அக்காவுக்கு முதல் நாள். ஸ்டூல் 450 ரூபாய்க்கு வாங்கினேன்.

ஜூன் 18, செவ்வாய்

பச்சைக் கேட்டு வீட்டு அம்மா வந்தார். நான் வேண்டுமென்றே உள்ளே போய்விட்டேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. வந்து பார்த்தால் அக்கா நோட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, விரலை ஒரு வரியின்மேல் வைத்திருக்கிறார். இருவரும் எதுவும் பேசவில்லை. அந்த அம்மா தலையை ஆட்டினார்.

ஜூன் 19, புதன்

காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். சீனி மூட்டையைப் பிரித்து டின்னில் கொட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. கல்லாவில் சில்லறை 800 வைத்திருக்கிறேன். சாவியைக் கொடுத்துவிட்டேன். ஷட்டரின் இடது பக்கத்தை லேசாகத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு திரும்பும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மணி பதினொன்றரை. இந்நேரத்துக்குப் போன் செய்தால் அவர் வீட்டில் என்ன நினைப்பார்களோ.