கொலுசுக் கடையில் ஒரு பங்குதாரர் இறந்தபோது கணக்கு முடித்த விதம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். மூன்று பங்குதாரர்கள், லாப விகிதம் 5:3:2. பத்தில் மூன்று பங்கு வைத்திருந்தவர் ஆகஸ்ட் 31 அன்று இறந்துவிட்டார். மற்ற இருவரையும் இங்கே பெரியவர், சின்னவர் என்றே சொல்கிறேன். அந்தக் கணக்கை முடித்த வரிசையிலேயே எழுதுகிறேன். தொகைகளை மட்டும் முழு எண்களாக்கியிருக்கிறேன்.

முதலில் எடுத்துப் பார்த்தது கூட்டாண்மைப் பத்திரம். பங்குதாரர் ஒருவர் இறந்தால் நிறுவனமே கலைந்துவிடும் என்பதுதான் 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு. ‘மற்றவர்கள் தொடர்ந்து நடத்தலாம்’ என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் மட்டுமே தப்பிக்கலாம். இங்கே அந்த வரி இருந்தது. இரண்டே பேர் நடத்தும் கடையில் அந்த வரி இருந்தும் பயனில்லை. ஒருவர் போனால் மிஞ்சுவது ஒரே ஆள், அதைக் கூட்டு என்று சொல்ல முடியாது.

அடுத்தது வங்கி. கேஷ் கிரெடிட் கணக்கில் பாக்கி இருந்ததால் அதை அன்றைய தொகையிலேயே நிறுத்தி, புதுக் கணக்கு திறக்கச் சொன்னார்கள். கேட்டதும் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பழைய கணக்கிலேயே வரவு செலவு ஓடினால், வருகிற பணம் பழைய கடனை அடைத்ததாகவும் எடுக்கிற பணம் புதுக் கடனாகவும் ஆகிவிடும். இறந்தவரின் சொத்து புதுக் கடனுக்குப் பொறுப்பாகாது என்பதால் வங்கிக்கு அது நஷ்டம்.

பிறகு சரக்கு. வேலையில் பாதி இதுதான். கடையில் இருந்த கொலுசு 10 கிலோ, 80 டச். அதாவது சுத்த வெள்ளி 8 கிலோ. அவசரத்தில் பத்து கிலோவையும் வெள்ளி விலையால் பெருக்கிவிடுகிறவர்கள் உண்டு. பட்டறைகளிடம் கொடுத்து வைத்திருந்தது, சேதாரம் கழித்து, சுத்தமாக 12 கிலோ. இதைக் கடைப் புத்தகத்தை மட்டும் பார்த்து எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு பட்டறைக்காரரிடமும் போய், ஆகஸ்ட் 31 நிலுவை இவ்வளவு என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வாரிசுகள் கேட்டால் காட்ட அந்தச் சிட்டைதான் இருக்கும்.

ஆக 20 கிலோ. புத்தகத்தில் கிலோ 90,000 ரூபாய், அன்றைய சந்தை விலை 1,15,000. ஏற்றம் 5 லட்சம். வராது என்று தெரிந்த வெளியூர் பாக்கி 1 லட்சத்தைக் கழித்தால் மறுமதிப்பீட்டு லாபம் 4 லட்சம். இது மூவரும் சேர்ந்து வைத்திருந்த சரக்கில் வந்தது, அதனால் பழைய விகிதத்தில் மூவருக்கும் போகும்: 2 லட்சம், 1.20 லட்சம், 80 ஆயிரம்.

நற்பெயருக்கு, அதாவது குட்வில்லுக்கு, மூன்று ஆண்டு சராசரி லாபத்தைப் போல இரண்டு மடங்கு என்று பத்திரம் சொன்னது. லாபங்கள் 10, 12, 17 லட்சம். கடைசி ஆண்டின் 17-இல் 3 லட்சம் வெள்ளி விலை ஏறியதால் மட்டும் கிடைத்தது. அது கடையின் பெயருக்கு வந்த வாடிக்கை இல்லை என்று நீக்கி 14 ஆக வைத்தோம். சராசரி 12, நற்பெயர் 24 லட்சம், இறந்தவர் பங்கு 7.20 லட்சம்.

இந்த 7.20 லட்சத்தை யார் கொடுப்பது என்பதில்தான் சச்சரவு வந்தது. “எப்பவும் போல அஞ்சுக்கு ரெண்டுன்னு போட்ருங்க” என்றார் சின்னவர். ஆனால் இனி 3:2 என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பெரியவர் பங்கு பத்தில் ஐந்திலிருந்து ஆறாகிறது, கூடியது ஒன்று. சின்னவர் பங்கு இரண்டிலிருந்து நான்காகிறது, கூடியது இரண்டு. இறந்தவரின் மூன்று பங்கை இப்படித்தான் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர்தானே விலை கொடுக்க வேண்டும்? எனவே ஆதாய விகிதம் 1:2. பெரியவர் 2.40 லட்சம், சின்னவர் 4.80 லட்சம். பழைய விகிதத்தில் போட்டிருந்தால் பெரியவர் சுமார் 2.74 லட்சம் அதிகமாகக் கொடுத்திருப்பார். 24 லட்சத்தையும் சொத்தாகப் புத்தகத்தில் ஏற்ற வேண்டியதில்லை. இருவரின் முதல் கணக்கிலும், அதாவது மூலதனக் கணக்கிலும், பற்று, இறந்தவரின் முதல் கணக்கில் வரவு, அவ்வளவுதான்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையான லாபத்தை மாதக் கணக்கில் போட்டால் தவறும். அதில் ஆடி வருகிறது. கல்யாணம் இல்லை, கொலுசும் நகராது. விற்பனையை வைத்துப் போட்டோம். போன ஆண்டு 4 கோடி விற்று 14 லட்சம், அதாவது நூற்றுக்கு மூன்றரை. ஐந்து மாத விற்பனை 1.20 கோடி, லாபம் 4.20 லட்சம், அவர் பங்கு 1.26 லட்சம். விலையேற்றத்தைச் சரக்கு மதிப்பில் ஏற்கெனவே சேர்த்தாயிற்று. 17-ஐ வைத்து இந்தச் சதவீதத்தைப் போட்டிருந்தால் அது இரண்டாம் முறையும் நுழைந்திருக்கும். இந்தத் தொகையை லாப நட்ட அனாமத்துக் கணக்கில் வைத்து, ஆண்டு முடிவில் சரிசெய்தோம். அப்போதும் ஆகஸ்ட் 31 வரையான லாபம் பழைய விகிதத்தில், மீதி மட்டும் 3:2.

இறந்தவர் முதல் 12 லட்சம். மறுமதிப்பீடு 1.20, நற்பெயர் 7.20, லாபம் 1.26 கூட்டி, எடுப்பு 66 ஆயிரத்தைக் கழித்தால் 21 லட்சம். வாரிசுகள் பெயரில் கடன் கணக்காக அது மாறியது. உடனே 5 லட்சம், மீதி 16 லட்சம் ஆண்டுக்கு 4 லட்சமாக நான்கு தவணை. வாரிசு சான்றிதழில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்ட பிறகே முதல் காசோலை கொடுத்தோம். மனைவியின் கையெழுத்து மட்டும் போதும் என்று கொடுத்த கடைகளில், இறந்தவரின் அம்மா பிறகு வந்து பங்கு கேட்டதுண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு.

பத்திரத்தில் வட்டி எழுதியிருக்கவில்லை. அப்போது சட்டத்தின் 37-ஆவது பிரிவு வருகிறது: பாக்கித் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீதம், அல்லது அந்தப் பணம் கடையில் ஈட்டிய லாபம். தேர்வு செய்வது வாரிசுகள், கடைக்காரர்கள் இல்லை. 6 சதவீதம் என்றால் 96 ஆயிரம். லாபம் என்றால் வேறு கதை. பெரியவர் முதல் 20+2−2.40 = 19.60 லட்சம், சின்னவர் முதல் 8+0.80−4.80 = 4 லட்சம், வாரிசுகள் 16 லட்சம், மொத்தம் 39.60. ஆண்டு லாபம் 10 லட்சம் என்றால் அவர்களுக்கு ஏறத்தாழ 4.04 லட்சம். இதைக் காட்டிய பிறகுதான் பெரியவர் வட்டியை 12 சதவீதமாக எழுதித்தர முன்வந்தார், வாரிசுகளும் ஒப்புக்கொண்டார்கள். புதுப் பத்திரத்தில் அந்த வரியை முதலில் சேர்த்தோம்.

கடைசியாக முதல் சரிக்கட்டல். இருவர் முதலும் சேர்ந்து 23.60 லட்சம், 3:2 என்றால் 14.16-உம் 9.44-உம். சின்னவர் 5.44 லட்சம் கொண்டுவர வேண்டும், பெரியவருக்கு அதே அளவு மிகை. பெரியவர் அதை எடுத்துப் போனால் கடையில் ரொக்கம் இருக்காது. மிகையை அவர் கடனாகக் கடையிலேயே விட்டார். சின்னவர் கொண்டுவந்த பணத்திலிருந்து வாரிசுகளுக்கு உடனே தர வேண்டிய 5 லட்சம் போயிற்று.

ஜிஎஸ்டி பதிவில் பங்குதாரர் மாற்றத்தை 15 நாளுக்குள் REG-14 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் அந்த நாட்கள் ஓடிவிடும் என்பதால், சான்றிதழுக்கு விண்ணப்பித்த அன்றே மற்ற ஆவணங்களைத் தயார் செய்து வைத்திருந்தோம்.