இரண்டு பி.ஆர்.எஸ்.ஸும் சரி, ஆனால் 18 லட்சம் இரண்டு இடத்தில் இருந்தது

மார்ச் 31-ல் ஒரு கம்பெனி தன்னுடைய ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு அனுப்பிய பணம் வழியில் இருப்பது தவறே இல்லை. வருஷக் கடைசியில் எல்லாக் கம்பெனியிலும் அப்படி ஏதாவது இருக்கும். ஆடிட்டில் பார்க்க வேண்டியது, அந்தப் பணம் புத்தகத்தில் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பதைத்தான். 2022-23 கணக்குக்காக எங்கள் மாவட்டத்தில் ஒரு முந்திரிக் கம்பெனியில் நான் இந்தச் சோதனையைச் செய்தேன். அப்போது நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள், அதாவது சி.ஏ. பயிற்சி, கடைசி வருஷம். இந்த வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கம்பெனியின் தலைமை அலுவலகம் நாகர்கோவிலில். அங்கே ஒரு தனியார் வங்கியில் கரண்ட் அக்கவுண்ட். முந்திரிக் கொட்டை உடைக்கிற யூனிட் மார்த்தாண்டம் பக்கம். அங்கே ஒரு அரசு வங்கியில் சி.சி. அக்கவுண்ட், அதாவது சரக்கின் பேரில் எடுக்கிற கடன் கணக்கு. தலைமை அலுவலகத்துக்கு டேலி மென்பொருளில் ஒரு கணக்குப் புத்தகம், யூனிட்டுக்குத் தனியாக இன்னொரு டேலி. வருஷக் கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒரே பேலன்ஸ் ஷீட்.

ஆடிட்டர் சார் என்னிடம் முதலில் கேட்டதே இதுதான்: "எந்தெந்த அக்கவுண்ட் ஒரே டேலியில இல்ல? அத மொதல்ல பாரு." காரணம் உண்டு. ஒரே டேலிக்குள் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் மாற்றினால் கான்ட்ரா வவுச்சர் போடுவோம். அதில் தேதி ஒன்றுதான். ஒரு பக்கம் மார்ச்சிலும் மறுபக்கம் ஏப்ரலிலும் விழ வழியே கிடையாது. புத்தகம் இரண்டாக இருந்தால் அனுப்பியவர் ஒரு தேதியில் பேமென்ட் போடுவார், வாங்கியவர் வேறொரு தேதியில் ரெசீப்ட் போடுவார். சிக்கல் அங்கேதான் வரும்.

அடுத்தது, பரிமாற்றங்களின் பட்டியல். கம்பெனி அக்கவுண்டன்ட் அண்ணன் ஒரு லிஸ்ட் தயாராகவே வைத்திருந்தார். வாங்கி வைத்துக்கொண்டேன், ஆனால் அதிலிருந்து தொடங்கவில்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதின லிஸ்டில், புத்தகத்தில் விட்டுப்போனது எப்படி வரும்? அதனால் இரண்டு வங்கிகளின் ஸ்டேட்மென்ட்டையும் மார்ச் 20 முதல் ஏப்ரல் 15 வரை, அவருடைய நெட் பேங்கிங்கில் என் கண் முன்னாலேயே இறக்கித் தரச் சொன்னேன். மார்ச் 31 இருப்புக்கு இரண்டு வங்கியிடமிருந்தும் உறுதிக் கடிதம் நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்திருந்தது. பிறகு ஒரு ஸ்டேட்மென்ட்டில் வெளியே போன பெரிய தொகை ஒவ்வொன்றையும் மற்றதன் வரவுப் பக்கத்தில் தேடினேன். திரும்பி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமும் தேடினேன்.

ஜோடி கிடைத்த ஒவ்வொன்றுக்கும் எக்ஸெலில் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் நாலு தேதி. A-யில் தொகை. B-யில் கொடுத்த பக்கம் புத்தகத்தில் எழுதிய தேதி, C-யில் கொடுத்த வங்கி கழித்த தேதி. D-யில் வாங்கிய பக்கம் புத்தகத்தில் எழுதிய தேதி, E-யில் வாங்கிய வங்கி வரவு வைத்த தேதி. இந்த நாலில் முதலில் பார்க்க வேண்டியது B-யும் D-யும் மட்டும். இரண்டும் மார்ச் 31-க்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

```
=IF((B2<=DATE(2023,3,31))<>(D2<=DATE(2023,3,31)),"CHECK","OK")
```

வங்கித் தேதிகள் வருஷத்தைத் தாண்டி முன்னே பின்னே இருக்கலாம். அதற்குத்தான் புத்தக இருப்பையும் வங்கி இருப்பையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை விளக்குகிற பி.ஆர்.எஸ். இருக்கிறது. புத்தகத் தேதிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒரு வரியைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது, ஆனால் அது சரியாகவே இருந்தது. மார்ச் 31 ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஏழரை லட்சம் நெஃப்ட். கொடுத்த வங்கியில் 31-ஆம் தேதி கழிந்திருக்கிறது, வாங்கிய வங்கியில் ஏப்ரல் 1 என்று வரவு. ஏப்ரல் 1 வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு விடுமுறை ஆயிற்றே, எப்படி வரவாயிற்று என்று யோசிக்கத் தோன்றும். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இரவு பகல் எல்லா நாளும் ஓடுகிறது, அரை மணிக்கு ஒரு பேட்ச். பதினொன்றே முக்காலுக்குப் போட்டது நள்ளிரவு பேட்சில் ஏறி, தேதி மாறிய பிறகு வரவாகும். இரண்டு டேலியிலும் 31-ஆம் தேதிதான் எழுதியிருந்தார்கள். OK.

CHECK என்று வந்தது ஒரே ஒரு வரி. பதினெட்டு லட்சம், செக். நாகர்கோவில் கரண்ட் அக்கவுண்ட் செக்கை மார்த்தாண்டம் சி.சி.யில் போட்டிருக்கிறார்கள். யூனிட் டேலியில் ரெசீப்ட் மார்ச் 31. தலைமை அலுவலக டேலியில் பேமென்ட் ஏப்ரல் 3. வங்கி கழித்தது ஏப்ரல் 3, சி.சி.யில் வரவானது ஏப்ரல் 5. அந்த வருஷம் மார்ச் 31 வெள்ளிக்கிழமை. 1-ஆம் தேதி வங்கி விடுமுறை, 2 ஞாயிறு, 4 மகாவீர் ஜெயந்தி. வெள்ளி மதியத்துக்கு மேல் போட்ட செக் இப்படி நகர்வதில் அதிசயமில்லை. (இப்போது செக் அன்றன்றைக்கே கிளியர் ஆகும்படி முறை மாறிவிட்டது. 2025 அக்டோபருக்குப் பிந்தைய கணக்குகளில் ஐந்து நாள் இழுத்த செக்கை இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்ள முடியாது.)

இதில் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது, இரண்டு பி.ஆர்.எஸ்.ஸும் தனித்தனியாகப் பார்த்தால் அழகாக இருந்தன என்பதைத்தான். நாகர்கோவில் கணக்கில் புத்தகமும் 21 லட்சம், வங்கியும் 21 லட்சம், வித்தியாசமே இல்லை. மார்த்தாண்டத்தில் வங்கி 2 கோடியே 6 லட்சம் கடன் என்கிறது, புத்தகம் 1 கோடியே 88 லட்சம் என்கிறது. நடுவில் ஒரே ஒரு அயிட்டம், போட்டு வரவாகாத செக் 18 லட்சம், ஏப்ரல் 5-ல் வரவாகிவிட்டது. தனியாகப் பார்க்கிறவர் இரண்டிலும் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும், அதே 18 லட்சம் நாகர்கோவிலில் இன்னும் இருப்பாகவும் நிற்கிறது, மார்த்தாண்டத்தில் கடனையும் குறைத்திருக்கிறது.

அப்படியானால் பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் எப்படி ஒத்துப்போனது? யூனிட் டேலியில் தலைமை அலுவலகக் கணக்கும், தலைமை அலுவலக டேலியில் யூனிட் கணக்கும் ஒன்றுக்கொன்று அடிபட வேண்டும். அடிபடவில்லை. மிச்சத்தைக் "கிளை வித்தியாசம்" என்று இதர பொறுப்புகளில் தள்ளியிருந்தார்கள். அங்கே 17,62,000 என்று இருந்தது, வேறு சில்லறை அயிட்டங்கள் 38,000 எதிர்ப்பக்கம் கழிந்திருந்ததால். 18 லட்சம் என்று நேராக இருந்திருந்தால் யாராவது முன்பே கண்டுபிடித்திருப்பார்கள். கிளைக் கணக்குகளில் வித்தியாசம் நின்றால் அதை மொத்தமாக விடாமல் உடைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இனி, இது எழுதுவதில் வந்த பிழையா, வேண்டுமென்றே செய்ததா? கைட்டிங் என்று சொல்கிற மோசடியும் தேதிகளில் இதே மாதிரிதான் தெரியும். வரவை மார்ச்சிலும் செலவை ஏப்ரலிலும் எழுதி, இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டுவார்கள். தேதிகளை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. செக் உண்மையிலேயே 31-ஆம் தேதி வங்கிக்குப் போனதா என்று பார்க்க வேண்டும்.

வழக்கமாக செக் நம்பர் வரிசை இதற்குக் கை கொடுக்கும். ஏப்ரலில் கொடுத்த செக்குகளுக்குப் பிந்தைய நம்பரில் மார்ச் 31 தேதி இருந்தால், பின்னால் எழுதித் தேதியை முன்னே போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே அது உதவவில்லை. டைரக்டர் கொட்டை இறக்குமதி விஷயமாகத் தூத்துக்குடி போகிறவர் என்பதால், கையெழுத்துப் போட்ட சில செக் தாள்களை யூனிட்டில் கொடுத்து வைத்திருந்தார். நம்பர் தலைமை அலுவலக வரிசையோடு ஒட்டவே இல்லை. (கையெழுத்திட்ட வெற்றுச் செக்கை இப்படி வைப்பது தனியாக எழுத வேண்டிய குறை. எழுதினோம்.)

அதனால் மார்த்தாண்டம் போனேன். யூனிட் கேஷியர் அக்கா சலான் கட்டையை எடுத்துக் காட்டினார். "நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன் தம்பி. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போனேன். இன்னைக்கு கிளியரிங் போவாதுன்னு அங்க உள்ளவரே சொன்னாரு. சீல் இருக்கு பாருங்க." கவுண்டர் முத்திரையில் 31.03.2023 தெளிவாக இருந்தது. டிராப் பாக்ஸில் போட்டிருந்தால் இந்த முத்திரை கிடைத்திருக்காது, அப்போது வங்கியிடம் எழுதிக் கேட்க வேண்டி வந்திருக்கும். முத்திரையோடு நிற்காமல் இன்னும் இரண்டைப் பார்த்தேன். 31-ஆம் தேதி நாகர்கோவில் கணக்கில் 21 லட்சம் இருந்தது, ஆக செக்குக்குப் பணம் இருந்தே கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 வரை சி.சி.யிலிருந்து அதே மாதிரித் தொகை திரும்பி வந்ததா என்றும் தேடினேன். வரவில்லை. பணமில்லாத கணக்கில் செக் எழுதி, அது கிளியராவதற்குள் வேறு இடத்திலிருந்து பணம் கொண்டுவந்து அடைப்பதுதான் மோசடியின் வழி.

ஏப்ரல் 3 எங்கிருந்து வந்தது என்பதை அக்கவுண்டன்ட் அண்ணனே சொல்லிவிட்டார். யூனிட்டில் எழுதுகிற செக் அவருக்குத் தெரியாது. வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துத்தான் பதிவு போடுவார். நாகர்கோவில் பி.ஆர்.எஸ்.ஸில் வித்தியாசமே இல்லாததற்குக் காரணமும் அதுதான். வங்கியைப் பார்த்து எழுதின புத்தகத்தை வங்கியோடு ஒப்பிட்டால் எப்போதும் ஒத்துத்தான் போகும். இப்போதெல்லாம் வருஷக் கடைசியில் ஒரு அயிட்டம்கூட இல்லாத பி.ஆர்.எஸ்.ஸைக் கண்டால் பதிவுகள் எதை வைத்துப் போடப்பட்டன என்று கேட்காமல் நான் நகர்வதில்லை.

திருத்தம் ஒரே பதிவு. தலைமை அலுவலக டேலியில் மார்ச் 31 தேதியிட்டு யூனிட் கணக்குக்குப் பற்று, கரண்ட் அக்கவுண்ட்டுக்கு வரவு, 18 லட்சம். ஏப்ரல் 3 பதிவு நீக்கம். கரண்ட் அக்கவுண்ட் 3 லட்சமாக இறங்கி, பி.ஆர்.எஸ்.ஸில் கொடுத்துக் கழியாத செக் 18 லட்சம் என்று வந்தது. சி.சி. பக்கம் எதையும் தொடவில்லை. கிளை வித்தியாசம் எதிர்ப்பக்கம் 38,000-ஆக நின்றது. அதையும் உடைத்ததில் யூனிட்டில் எழுதாமல் விட்ட வங்கிக் கட்டணங்களும் ஒரு லாரி வாடகையும் வெளியே வந்தன. லாபத்தை மாற்றியது அந்த 38,000 மட்டும்தான். 18 லட்சம் லாபத்தைத் தொடவில்லை, ஆனால் கம்பெனி கையில் 21 லட்சம் இருக்கிறது என்று பேலன்ஸ் ஷீட் சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்காது.

ஒர்க்கிங் பேப்பரில் நாலு தேதி அட்டவணை, சலான் நகல், இரண்டு ஸ்டேட்மென்ட்டின் ஏப்ரல் பக்கங்கள், திருத்தப் பதிவு எல்லாம் வைத்தேன். கம்பெனிக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயம் கேட்டோம். யூனிட்டில் செக் போட்ட அன்றே சலானைப் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் அந்தத் தேதியிலேயே பதிவு போட வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்களை யூனிட்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவதை அடுத்த மாதமே தொடங்கிவிட்டார்கள். இரண்டாவதற்கு டைரக்டர் தன் போனிலிருந்தே ஆர்.டி.ஜி.எஸ். அனுமதி கொடுக்கும் ஏற்பாடு வந்த பிறகுதான் சம்மதித்தார்.