பொது இன்ஸ்டாலர் ஃபோல்டர்: டீம் லீட் மெயிலை நடைமுறைக்குக் கொண்டுவந்த விதம்

நாகர்கோவில் அலுவலகமும் தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் கிளைகளும் பயன்படுத்தும் இன்ஸ்டாலர் ஃபைல்களுக்கு டீம் லீட் மெயிலில் விதி வகுத்திருந்தார். மெயில் அரைப் பக்கம்தான். அதில் முக்கியமான வரிகள் இவை: "இனி இன்ஸ்டாலர் இருக்கும் இடம் `\\nglfs01\installers` மட்டுமே. டெஸ்க்டாப், பென்டிரைவ், வாட்ஸ்அப் வழியாக வந்த பிரதி எதையும் ஓட்ட வேண்டாம். ஹேஷ் பதிவேட்டில் இல்லாத ஃபைல் நம்முடையது அல்ல." ஹேஷ் என்பது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஒரு மதிப்பு.

முதலில் அனுமதிகளை மாற்றினோம். அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை இருவருக்கு மட்டும், மற்ற எல்லோருக்கும் வாசிக்கும் உரிமை. இது கெடுபிடிக்காகச் செய்ததல்ல. இன்ஸ்டாலரைப் பெரும்பாலும் அட்மின் உரிமையோடுதான் ஓட்டுகிறோம். எல்லோரும் எழுதக்கூடிய இடத்தில் அது இருந்தால், ஒரு கிளைக் கணினியில் புகுந்த வைரஸ் அந்த exe ஃபைலையே மாற்றிவிட முடியும். அதன் பிறகு அதை ஓட்டும் ஒவ்வொரு கணினியும் பாதிக்கப்படும். ஷேர் அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி இரண்டையும் பார்க்க வேண்டும். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

ஃபோல்டர் அமைப்பு நிறுவனம், மென்பொருள், பதிப்பு எண் என்ற வரிசையில் இருக்கிறது. `latest`, `new`, `final` போன்ற பெயர்களுக்கு இடமில்லை. வைத்த ஃபோல்டரின் பெயரைப் பிறகு மாற்றுவதும் கூடாது. எம்எஸ்ஐ வகை இன்ஸ்டாலர், தான் எந்தப் பாதையிலிருந்து நிறுவப்பட்டது என்பதை விண்டோஸில் பதிந்து வைக்கிறது. பின்னொரு நாள் ரிப்பேர் செய்யும்போது மூல ஃபைல்கள் தேவைப்பட்டால் அந்தப் பாதையைத்தான் தேடும். பாதை இல்லையென்றால் 1612 பிழை வந்து நின்றுவிடும். அதனால் ஒரு பதிப்பு கடைசிக் கணினியிலிருந்து நீங்கும்வரை அதன் ஃபோல்டர் அங்கேயே இருக்கும்.

அதிகம் கவனம் கேட்டது சரிபார்ப்புதான். புதிய ஃபைலை வெளியீட்டாளரின் தளத்திலிருந்தே இறக்கி, முதலில் `incoming` ஃபோல்டரில் வைக்கிறோம். அங்கே இரண்டு பவர்ஷெல் கட்டளைகள்:

```
Get-AuthenticodeSignature .\setup.exe | Format-List Status, SignerCertificate
Get-FileHash .\setup.exe -Algorithm SHA256
```

இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. ஃபைலில் உள்ள டிஜிட்டல் கையொப்பத்தின் நிலை `Valid` என்றால், சான்றிதழில் பெயர் உள்ள நிறுவனம் கையொப்பமிட்ட பிறகு ஃபைல் மாறவில்லை என்று பொருள். `HashMismatch` வந்தால் யாரோ, ஏதோ அதைத் தொட்டிருக்கிறது. அந்த ஃபைலை அங்கேயே ஒதுக்கிவிட வேண்டும். ஆனால் நாம் கேட்ட பதிப்பு இதுதானா என்பதைக் கையொப்பம் சொல்லாது. அதைச் சொல்வது, பதிவேட்டோடு ஒப்பிடும் ஹேஷ்.

மார்த்தாண்டம் கிளையில் இது தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்த `setup.exe`-யும் நாகர்கோவிலில் இருந்ததும் பெயரில் ஒன்று, கையொப்பம் இரண்டிலும் `Valid`. ஹேஷ் மட்டும் வேறு. ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பகுதியைத் திறந்தால், கிளையில் இருப்பது பழைய பதிப்பு. வெளியீட்டாளர் பழைய பதிப்பிலும் முறையாகவே கையொப்பமிட்டிருந்தார், அதனால் `Valid` வந்தது. பிறகு சரிசெய்யப்பட்ட பாதுகாப்புக் குறைகள் அந்தப் பழைய பதிப்பில் அப்படியே இருக்கும். கையொப்பத்தை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹேஷ் 64 எழுத்துகள் நீளம். முதல் நாலு, கடைசி நாலு என்று கண்ணால் ஒப்பிடுவது போதாது. முழுவதையும் இப்படி ஒப்பிடுகிறோம்:

```
(Get-FileHash .\setup.exe).Hash -eq 'பதிவேட்டு மதிப்பு'
```

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை `-eq` பொருட்படுத்தாது. ஆனால் ஒட்டும்போது ஓரத்தில் ஒரு இடைவெளி சேர்ந்தாலும் `False` தான் வரும். ஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன் அதைப் பாருங்கள்.

ஹேஷ் பதிவேடு இன்ஸ்டாலர் ஃபோல்டருக்குள் இல்லை. வேறொரு சர்வரில், வேறு உரிமையோடு இருக்கிறது. ஃபைலும் அதன் ஹேஷும் ஒரே இடத்தில் இருந்தால், ஃபைலை மாற்றுகிறவர் ஹேஷையும் சேர்த்தே மாற்றிவிடுவார். அப்புறம் ஒப்பிட்டுப் பயனில்லை. ஃபைலை இறக்கியவர் ஒருவர், பதிவேட்டில் எழுதுபவர் இன்னொருவர். வெளியீட்டாளர் தன் தளத்தில் ஹேஷ் கொடுத்திருந்தால் அதோடும் ஒப்பிட்டுவிட்டே எழுதுகிறார்.

கிளைகளுக்கு ஃபைல் போவது இரவில், விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி மூலம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழைக்காலத்தில் கரண்டும் லைனும் நடுவில் போகும். `/Z` கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் ரோபோகாப்பி வழக்கமாக அளவையும் நேரத்தையும்தான் பார்க்கிறது, உள்ளடக்கத்தை அல்ல. அளவும் நேரமும் ஒத்துப்போனால், உள்ளே கெட்டிருந்தாலும் தாண்டிப் போய்விடும். ஆகவே கிளையில் வந்திறங்கிய பிரதியின் மேலேயே ஹேஷ் கணக்கிடுகிறோம். பொருந்தவில்லை என்றால் கிளைப் பிரதியை நீக்கிவிட்டு, அந்த ஒரு ஃபைலை மட்டும் மறுபடி அனுப்புகிறோம். பொருந்திய பிறகே கிளைக்காரர் அதை ஓட்டலாம்.