இஞ்ச், மி.மீ., செ.மீ.: மூன்று படங்களின் மழைக்கணக்கை ஒரே ஷீட்டில் சேர்த்தது

கையில் இருந்தவை மூன்று போட்டோக்கள், மூன்றும் 2023 நவம்பர் மாதத்து மழைக்கணக்கு. ஒன்று மலைத்தோட்டம் ஒன்றின் பதிவேடு, இஞ்சிலும் சென்ட்டிலும் எழுதியது. இன்னொன்று மில்லிமீட்டரில் தட்டச்சு செய்த அலுவலகப் பட்டியல். மூன்றாவது, செய்தித்தாளில் வருவதைப்போல முழு செ.மீ.-இல் போட்ட பட்டியல். தேதியும் அப்படித்தான்: 03.11.2023, 3/11/23, வெறும் 3.

படங்களிலிருந்து எடுத்த எழுத்தை ஒட்டுவதற்கு முன்பே கூகுள் ஷீட்டின் A முதல் D வரையுள்ள நெடுவரிசைகளை Plain text ஆக்கிவிட வேண்டும் (எக்செலில் Text). இதை விட்டால் என்ன ஆகும் என்பது நவம்பர் மாதத்தில் அழகாகத் தெரியும். ஷீட்டின் Locale அமெரிக்காவாக இருந்தால் 01/11 ஜனவரி 11 ஆகிறது, 02/11 பிப்ரவரி 11 ஆகிறது, 12/11 டிசம்பர் 11 ஆகிறது. 13-ஆவது மாதம் கிடையாது என்பதால் 13/11 முதல் எல்லாம் எழுத்தாகவே நின்று, கட்டத்தின் இடது ஓரம் ஒட்டிக்கொள்ளும். முதல் பன்னிரண்டு வரி வலப்பக்கம், மீதி இடப்பக்கம் என்று இருந்தால் நாளும் மாதமும் மாறிவிட்டன என்று அர்த்தம். தேதி காட்டும் வடிவத்தை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. உள்ளே இருக்கும் எண்ணே தப்பு: நவம்பர் 3-க்கு 45233 இருக்க வேண்டிய இடத்தில் மார்ச் 11-க்கான 44996 உட்கார்ந்திருக்கும். அழித்துவிட்டு, எழுத்தாக மறுபடி ஒட்டுவதுதான் வழி.

படத்தில் உள்ளது உள்ளபடியே A-இல் தேதி, B-இல் அளவு, C-இல் அலகு, D-இல் எந்தப் படம். சரிபார்ப்பில் தவறு தெரிந்தால் தவிர, இந்த நான்கையும் பிறகு தொடுவதில்லை. A-இல் தேதி மட்டும் எல்லாம் 03.11.2023 மாதிரி இரண்டு, இரண்டு, நான்கு இலக்கமாக வரும்படி பார்த்துக்கொண்டோம். வெறும் '3' இருந்த இடத்தில் மாதமும் வருடமும் அந்தப் பக்கத்தின் தலைப்பிலிருந்து வந்தவை. மாற்றிய தேதி E-இல், மி.மீ. F-இல்:

```
=DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2))
=IF(B2="","",VALUE(B2)*SWITCH(C2,"in",25.4,"cm",10,"mm",1))
```

SWITCH போட்டதற்குக் காரணம் உண்டு. அலகு எழுத மறந்த வரி #N/A என்று கத்தும். IF-ஐ அடுக்கி, கடைசியில் 'மற்றதெல்லாம் மி.மீ.' என்று விட்டிருந்தால் 2 இஞ்ச் மழை 2 மி.மீ. ஆகி சத்தமில்லாமல் உள்ளே போயிருக்கும். மழை இல்லாத நாளுக்கு 0. பதிவே இல்லாத நாளுக்கு வெற்றுக்கட்டம். பதிவேட்டில் கோடு கிழித்திருந்தால் அது எதைச் சொல்கிறது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அதிகம் சோதித்தது தோட்டத்துப் பதிவேடுதான். ஒரு இஞ்சுக்கு 100 சென்ட். ஒரு இஞ்ச் ஐந்து சென்ட்டை சிலர் 1.05 என்று எழுதுவார்கள், சிலர் 1.5 என்றே எழுதிவிடுவார்கள். பக்கத்தின் அடியில் மாதக் கூட்டல் 4.32 என்று இருந்தது. எங்கள் B நெடுவரிசையில் அந்தப் படத்தின் வரிகளின் கூட்டல் 4.77. வித்தியாசம் 0.45, அதாவது 1.50-க்கும் 1.05-க்கும் உள்ள வித்தியாசமேதான். '1.5' இருந்த வரி ஒன்றே ஒன்று, அதை 1.05 ஆக்கியதும் கணக்கு நேரானது. மழை 38.1 மி.மீ. இல்லை, 26.67 மி.மீ. இந்தச் சரிபார்ப்பை மூல அலகிலேயே, மி.மீ.-ஆக மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். மாற்றிய பிறகு 11.43 மி.மீ. என்ற வித்தியாசத்தைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. (B எழுத்து வடிவில் இருப்பதால் வெறும் SUM பூஜ்யம் காட்டும்; =SUMPRODUCT(VALUE(B2:B31)) போடவும். நடுவில் வெற்றுக்கட்டம் இருந்து பிழை வந்தால், பகுதி பகுதியாகக் கூட்டவும்.)

செ.மீ. பட்டியலில் சிக்கல் வேறு. அங்கே 7 என்றால் ஏறக்குறைய 65 முதல் 75 மி.மீ. வரை எதுவாகவும் இருக்கலாம். ஷீட்டில் 70 என்று வந்ததும் அது 26.67-ஐப் போலவே துல்லியமான எண்ணாகத் தோன்றும். C-இல் 'cm' என்று இருப்பதை அழிக்காமல் வைத்தால், அந்த வரிகளைத் தனியே வடிகட்டி எடுத்துவிடலாம்.

எல்லாம் சரியான பிறகும் ஒன்று உதைத்தது: தோட்டத்தில் கனமழை பெய்த நாட்கள் எல்லாம் மற்ற இரண்டையும்விடச் சரியாக ஒரு நாள் முந்தியிருந்தன. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் ஒரு தேதிக்கு உரிய மழை என்பது அன்று காலை 8.30-உடன் முடியும் 24 மணி நேரத்து மழை. தோட்டத்திலும் காலையில்தான் அளக்கிறார்கள், ஆனால் 'நேற்றைய மழை' என்று முந்தைய தேதியில் எழுதுகிறார்கள். அந்தப் படத்தின் வரிகளுக்கு மட்டும் E-இல் +1 சேர்த்தோம். இதனால் நவம்பர் 30 டிசம்பர் 1-க்குப் போய்விடும், நவம்பர் 1 காலியாகிவிடும். அந்த ஒரு வரிக்காக அக்டோபர் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டியிருந்தது.