மேற்கோள் எண் எந்த வார்த்தைக்குப் பக்கத்தில்?

ஆய்வக அறிக்கையில் மூலங்களைச் சுட்ட எண் முறையா, ஆசிரியர்-ஆண்டு முறையா என்பதைத் துறையோ பாடம் நடத்துபவரோ சொல்லிவிட்டால் பேச்சே இல்லை. தேர்வு நம் கையில் இருந்தால் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம். நாலைந்து மூலங்கள், பெரும்பாலும் செய்முறைக்காக மட்டும் என்றால் எண் போதும், வாசிப்பு தடைபடாது. விவாதப் பகுதியில் பழைய முடிவையும் பிந்தைய விளக்கத்தையும் எதிரெதிரே வைக்கப் போகிறோம் என்றால் ஆண்டு கண்ணில் படுவது நல்லது.

பிராட்ஃபோர்டு முறையில் புரத அளவு கண்டறியும் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் வழக்கமாக எழுதுவது இப்படி:

"மாதிரியில் சாயக்கரைசல் சேர்த்து 595 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வு அளக்கப்பட்டது. புரதச் செறிவு 0.42 மி.கி./மி.லி. (பிராட்ஃபோர்டு, 1976)."

இதன்படி அந்த 0.42-ஐ 1976-லேயே பிராட்ஃபோர்டு அளந்துவிட்டார்! அவருடையது முறை மட்டும்தான், எண் நம்முடையது. முதல் வாக்கியத்தில் முறையின் பெயரைச் சொல்லி, மேற்கோள் சுட்டு அதை ஒட்டியே வர வேண்டும்.

முறையை மாற்றியிருந்தால் இன்னும் கவனம் தேவை. மூலக் கட்டுரையில் 0.1 மி.லி. மாதிரிக்கு 5 மி.லி. சாயக்கரைசல். நுண்குழித் தட்டில் செய்பவர்கள் 5 மைக்ரோலிட்டருக்கு 250 மைக்ரோலிட்டர் என்று சுருக்குகிறார்கள். விகிதம் அதே 1:50. வாக்கியம் இப்படி அமையலாம்: "பிராட்ஃபோர்டு முறை (1976) பின்பற்றப்பட்டது, ஆனால் அளவுகள் தட்டுக்கு ஏற்பக் குறைக்கப்பட்டன." சுட்டு காற்புள்ளிக்கு முன்பே முடிந்துவிடுவதால், பின்னால் வருவது நம் மாற்றம் என்று தெரிகிறது. பத்திக் கடைசியில் ஒரே ஒரு சுட்டு போடும் பழக்கம் இந்த எல்லைக்கோட்டை அழித்துவிடும்.

விவாதத்தில், சோப்புத்தன்மையுள்ள எஸ்.டி.எஸ். கலந்த மாதிரி தவறான அளவு காட்டியதை விளக்க நேர்ந்தால், "சாயத்தோடு அது குறுக்கிடும்" என்ற கூற்றுக்கு மூலம் வேண்டும். "நம் மாதிரியில் அதுவே நடந்திருக்கலாம்" என்பது நம் ஊகம், அதற்குச் சுட்டு வேண்டாம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால் சுட்டு நடுவில்தான் நிற்கும். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

எண் முறையில் மேலெழுத்தாகப் போடுவது எனக்கு ஒப்பாது. அலகுக்குப் பின்னால் வரும் ² மேற்கோளா, வர்க்கமா? அடைப்புக்குறிக்குள் [2] என்று போட்டால் குழப்பமில்லை.

இன்னொரு சிக்கல், கடைசி நேரத்தில் நடுவில் ஒரு மூலம் சேர்ப்பது. எண்களைக் கையால் தட்டியிருந்தால் பழைய [2] இப்போது [3], பழைய [3] இப்போது [4]. தேடி மாற்றும்போது சிறிய எண்ணில் தொடங்கினால் இரண்டுமே [4] ஆகிவிடும். பெரிய எண்ணிலிருந்து கீழே வர வேண்டும். அட்டவணைத் தலைப்பில் உள்ள எண்களையும் விட்டுவிடக் கூடாது. வரைவு இன்னும் பலமுறை மாறும் என்று தெரிந்தால், முதலில் ஆசிரியர்-ஆண்டாக எழுதிவிட்டு முடிவில் எண்ணாக மாற்றுவதே வசதி.